வாய்க்கால் நிறைந்தபோது நின்ற கரை ரோடு, தண்ணீர் இறங்கியதும் ஏன் சரிகிறது? பாதுகாப்புக் காரணியைக் கையாலேயே போட்டுப் பார்ப்போம்

டெல்டாவில் பாதி ரோடு வாய்க்கால் கரை மேல்தான் ஓடுகிறது. ஒரு பக்கம் வயல், மறுபக்கம் வெண்ணாற்றிலிருந்தோ வெட்டாற்றிலிருந்தோ பிரிந்து வரும் வாய்க்கால், நடுவில் ஒரு மினிபஸ்ஸும் ஒரு டிராக்டரும் ஒதுங்கிப் போகும் அளவுக்குத் தார். இந்தக் கரை சரிவதைப் பார்த்தவர்களைக் கேட்டால் "வெள்ளம் வந்துச்சு, போயிடுச்சு" என்பார்கள். எந்த நாளில் சரிந்தது என்று விசாரித்துப் பார்த்தால் பல சமயம் வேறு கதை வரும். வாய்க்கால் கரைபுரண்டு ஓடிய அன்றைக்குக் கரை அசையாமல் நின்றிருக்கும், ஷட்டரை இறக்கித் தண்ணீர் வடிந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் தாரில் நீளவாக்கில் விரிசல் விட்டிருக்கும்.

இதற்கு விடை துளைநீர் அழுத்தத்தில் இருக்கிறது, அதாவது மண்துகள்களுக்கு இடையே நிற்கும் தண்ணீரின் அழுத்தத்தில், சைட்டில் போர் பிரஷர் என்று சொல்கிறோமே அதுதான். ஒரே ஒரு கரையை எடுத்துக்கொண்டு நாலு விதமான தண்ணீர் நிலைக்குக் கணக்குப் போட்டால் விஷயம் தானாகத் தெரியும். மென்பொருள் வேண்டாம், கால்குலேட்டரும் ஒரு தாளும் போதும். எண்கள் நான் கணக்குக்காக எடுத்தவை, உங்கள் கரைக்கு உங்கள் மண்ணைச் சோதித்துத்தான் போட வேண்டும்.

கரை, மண், வட்டம்

கரையின் உயரம் 4 மீட்டர். வாய்க்கால் பக்கச் சரிவு 2-க்கு 1, அதாவது 2 மீட்டர் தள்ளிப் போனால் 1 மீட்டர் ஏறும். பக்கத்திலேயே வெட்டிப் போட்ட வண்டல் கலந்த களிமண், கன மீட்டருக்கு 19 கிலோநியூட்டன் எடை. ஒட்டுத்திறன் c' = 5 கிலோபாஸ்கல், உராய்வுக் கோணம் φ' = 24 டிகிரி. கரைக்குக் கீழேயும் அதே மண்தான் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த c', φ' இரண்டுமே நிகர அழுத்தத்துக்கான எண்கள், அதாவது மொத்த அழுத்தத்தில் தண்ணீர் அழுத்தம் போக மீதிக்கு. மெதுவாக, தண்ணீர் வடிய நேரம் கொடுத்து வெட்டும் நேரடி வெட்டுச் சோதனையிலோ, துளைநீர் அழுத்தத்தை அளந்துகொண்டே செய்யும் டிரையாக்சியல் சோதனையிலோதான் இவை கிடைக்கும். வேகமாக உடைத்துப் பார்த்து எடுத்த களிமண் வலிமையை இங்கே போட்டு, அதிலிருந்து மறுபடி தண்ணீர் அழுத்தத்தையும் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த விடைக்கு எந்தப் பொருளும் இல்லை.

அடுத்து, மண் எந்தக் கோட்டில் வழுக்கும் என்று ஒரு வட்ட வில்லை ஊகிக்க வேண்டும். சரிவின் அடியைத் தொடக்கப் புள்ளியாக வையுங்கள். அங்கிருந்து ரோட்டுப் பக்கம் 3 மீட்டர் தள்ளி, 8 மீட்டர் உயரத்தில் வட்டத்தின் மையம். வட்டம் அடிப்புள்ளி வழியாகப் போக வேண்டும் என்றால் ஆரம் 8.544 மீட்டர் வருகிறது. இது தரைக்குக் கீழே அரை மீட்டர் இறங்கி, மேலே கரை விளிம்பிலிருந்து 2.55 மீட்டர் உள்ளே வந்து வெளிப்படும். கரை ரோட்டில் அந்த இடம் அநேகமாகத் தார் மேலேயே இருக்கும், நீளவாக்கில் விழும் விரிசல் அங்கேதான் வரும்.

வட்டத்துக்கு மேலே உள்ள மண்ணைச் செங்குத்தாக ஐந்து துண்டாக வெட்டுங்கள். நாலு துண்டு 2 மீட்டர் அகலம், கடைசித் துண்டு 2.55 மீட்டர். நான் பிஷப் முறையைப் பயன்படுத்துகிறேன், காரணம் துளைநீர் அழுத்தம் அதிகமாக இருக்கும்போது பழைய சாதாரணத் துண்டு முறை தேவைக்கு மேல் குறைத்துக் காட்டும்.

```
F = Σ[ (c'·b + (W − u·b)·tanφ') / mα ] / Σ(W·sinα)
mα = cosα + sinα·tanφ' / F
```

F-தான் பாதுகாப்புக் காரணி, 1-க்குக் கீழே போனால் கரை நிற்காது. மேலே இருப்பது மண் காட்டும் எதிர்ப்பு, கீழே இருப்பது கீழே இழுக்கும் எடை. `b` துண்டின் அகலம், `W` அதன் எடை, `u` என்பது துண்டின் அடியில் உள்ள தண்ணீர் அழுத்தம், `α` அந்த அடியின் சாய்வு. வலது பக்கத்திலும் F இருப்பதால் ஒரு எண்ணை ஊகித்து, வந்த விடையை மறுபடி உள்ளே போட்டு, இரண்டு மூன்று தடவை சுற்றினால் நின்றுவிடும்.

நாலாவது துண்டை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம்

இதன் நடு, அடியிலிருந்து 7 மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே சரிவின் மேற்பரப்பு 3.5 மீட்டர் உயரம், வழுக்கும் வில் 0.45 மீட்டர் உயரம். இடையில் 3.05 மீட்டர் மண். எடை 3.05 × 2 × 19 = 115.9 கிலோநியூட்டன். `sinα` என்பது மையத்திலிருந்து கிடைமட்ட தூரத்தை ஆரத்தால் வகுத்தால் வருவது, 4 ÷ 8.544 = 0.468. ஆக இந்தத் துண்டு 54 கிலோநியூட்டன் விசையோடு கீழே இழுக்கிறது.

கோடையில் தண்ணீரே இல்லை என்றால் எதிர்ப்பு 5 × 2 + 115.9 × 0.445 = 61.6. இப்போது கரைக்குள் தண்ணீர் 3 மீட்டர் உயரத்தில் நிற்கிறது என்று வையுங்கள். இந்தத் துண்டின் அடிக்கு மேலே 2.55 மீட்டர் தண்ணீர், அதனால் `u` = 2.55 × 9.81 = 25 கிலோபாஸ்கல். 2 மீட்டர் அகலத்துக்கு 50 கிலோநியூட்டன் மேல்நோக்கித் தள்ளுகிறது. 115.9-இல் மீதி 65.9தான் மண்துகளை ஒன்றோடொன்று அழுத்துகிறது. எதிர்ப்பு 10 + 29.3 = 39.3 ஆகிவிடுகிறது. கீழே இழுக்கும் 54 மட்டும் ஒரு பொட்டு குறையவில்லை.

நடப்பது அவ்வளவுதான். தண்ணீர் மண்ணை வழவழப்பாக்கிவிட்டது என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். உராய்வுக் கோணம் 24 டிகிரி அப்படியேதான் இருக்கிறது, குறைந்தது துகள்களுக்கு நடுவே உள்ள பிடி அழுத்தம்.

மற்ற நாலு துண்டுக்கும் இதே வேலை. திரும்பத் திரும்பப் போட அலுப்பாக இருந்தால் இந்தச் சின்ன நிரலில் `u` வரியை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள்.

```python
from math import tan, radians, sqrt
c, t = 5, tan(radians(24))
b = [2, 2, 2, 2, 2.55]
W = [30.7, 77.7, 106.7, 115.9, 87.2]
s = [-0.234, 0, 0.234, 0.468, 0.734]
u = [0, 0, 0, 0, 0]
F = 1.5
for _ in range(20):
    R = sum((c*bi + (w - ui*bi)*t) / (sqrt(1 - si*si) + si*t/F)
            for bi, w, si, ui in zip(b, W, s, u))
    F = R / sum(w*si for w, si in zip(W, s))
print(round(F, 2))
```

நாலு தண்ணீர் நிலை

முதல் நிலை, கோடை. வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது, கரைக்குள்ளும் ஈரம் இல்லை. எல்லா `u`-வும் 0. விடை 1.82. யாரும் கவலைப்படப் போவதில்லை.

இரண்டாவது, வாய்க்காலில் 2 மீட்டர் தண்ணீர், கரைக்குள்ளும் அதே மட்டம். மேட்டூரை ஜூன் 12-இல் திறந்து தண்ணீர் வந்து சில வாரம் ஆன நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே தண்ணீருக்குக் கீழே உள்ள மண்ணுக்கு மிதப்பு எடையைப் போட்டால் கணக்கு சுலபம், 19-இலிருந்து 9.81 போக 9.19. நிரலில் `W = [14.8, 37.6, 61.4, 85.5, 87.2]`, `u` எல்லாம் 0. மிதப்பு எடையைப் போட்டுவிட்டு `u`-வையும் கழித்தால் தண்ணீரை இரண்டு தடவை கழித்ததாகிவிடும். விடை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக வந்தால் முதலில் இதைத்தான் தேடுவேன். சரியாகப் போட்டால் 1.63 வரும். குறைந்திருக்கிறது, ஆனால் பயமில்லை.

மூன்றாவது நிலைதான் விஷயம். முறை வைத்துத் தண்ணீர் விடும்போது மேலே ஷட்டரை இறக்கிவிட்டார்கள், வாய்க்கால் ஒரே ராத்திரியில் அடிவரை வடிந்துவிட்டது. களிமண் கரைக்குள் இருக்கும் தண்ணீர் அந்த வேகத்துக்கு வெளியே வராது. நயமான மணல் தண்ணீரை விடும் வேகத்தோடு ஒப்பிட்டால் கொழுப்பான களிமண் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்திலோ அதற்கும் குறைவாகவோதான் விடும். அதனால் உள்ளே மட்டம் 2 மீட்டரிலேயே நிற்கிறது. வெளியே சரிவைத் தாங்கிக்கொண்டிருந்த தண்ணீர் மட்டும் போய்விட்டது. `W` பழைய முழு எடை, `u = [7.9, 20.1, 22.6, 15.2, 0]`. விடை 1.35.

இரண்டாவதையும் மூன்றாவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு துண்டிலும் மண்துகளை அழுத்தும் நிகர எடை இரண்டிலும் ஒன்றேதான், நாலாவது துண்டில் இரண்டுக்கும் 85.5. மாறியது கீழே இழுக்கும் கூட்டுத்தொகை. தண்ணீர் நிற்கும்போது 115, தண்ணீர் போனதும் 136. வாய்க்கால் தண்ணீர் கரைக்குச் சாய்மானமாக நின்றுகொண்டிருந்தது, ஷட்டரை இறக்கியவர் அந்தச் சாய்மானத்தை உருவிவிட்டார்.

நாலாவது, வடகிழக்குப் பருவமழை. ஐந்து நாள் அடைமழை, வயல் பக்கமும் தண்ணீர் கட்டி நிற்கிறது, கரைக்குள் மட்டம் 3 மீட்டருக்கு ஏறிவிட்டது, வெள்ளம் வரப்போகிறது என்று வாய்க்காலை முன்கூட்டியே வடித்துவைத்திருக்கிறார்கள். `u = [7.9, 20.1, 27.5, 25.0, 7.8]`. விடை 1.16.

1-க்கு மேலேதானே இருக்கிறது என்று கேட்கலாம். நிலையான நீர்க்கசிவுக்கு 1.5-உம், திடீரென்று தண்ணீர் இறங்கும் நிலைக்கு 1.3-உம் பொதுவாக எதிர்பார்க்கிற அளவு, உங்கள் வேலைக்கு ஒப்பந்தத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. அந்த இடைவெளி எதற்கு என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

மணல் லாரிக்காரர் கரை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறார். ரோட்டுப் பகுதியில் சதுர மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் சுமை என்று கடைசித் துண்டில் சேர்த்தால் 1.16 என்பது 1.09 ஆகிறது. இது சின்ன அடி.

பெரிய அடி c'-இல் இருக்கிறது. ஆய்வகத்தில் 5 என்று வந்த ஒட்டுத்திறன், கோடையில் வெடித்து மழையில் ஊறி மறுபடி வெடித்த மேல்மண்ணில் 2-க்கு இறங்கியிருக்கலாம். நிரலில் `c`-க்கு 2 போட்டு நாலாவது நிலையை ஓட்டுங்கள், 0.89 வரும். வெறும் 3 கிலோபாஸ்கல், கையால் அழுத்தினால் தெரியாத வித்தியாசம், நிற்கும் கரையை விழும் கரையாக மாற்றிவிடுகிறது. குட்டையான கரைகளில் எடை குறைவு என்பதால் ஒட்டுத்திறனின் பங்கு பெரிது. அதனால் யாராவது 4 மீட்டர் கரைக்கு c' = 15 என்று போட்டுக் கணக்கைத் தேற்றிக் கொண்டுவந்தால் சோதனைத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

ஒரு வட்டத்தோடு நிறுத்தக் கூடாது

நான் எடுத்தது ஒரு வட்டம். மையத்தை 1 மீட்டர் வாய்க்கால் பக்கம் நகர்த்தி, அடிப்புள்ளி வழியாகவே மறுபடி போட்டேன். காய்ந்த நிலையில் 1.73, நாலாவது நிலையில் 1.13. முதல் வட்டத்தைவிட இரண்டுமே குறைவு. ஆக மையத்தை ஒரு கட்டம் போட்டு நகர்த்தி நகர்த்திக் குறைந்தபட்ச விடையைத் தேட வேண்டும். காய்ந்த நிலையில் குறைந்த விடை தந்த வட்டம் ஈர நிலையிலும் குறைந்ததாக இருக்கும் என்று நம்பாதீர்கள், தண்ணீர் மட்டம் மாறினால் அந்த வட்டமும் இடம் மாறும். அடியில் மெத்தென்ற களிமண் படுகை இருந்தால் வட்டம் அதற்குள் இறங்கப் பார்க்கும், அதையும் தனியாகத் தேடுங்கள்.

மேலோட்டமான சரிவுக்குத் தனியாக ஒரு சூத்திரம் உண்டு. சரிவுக்கு இணையாக z ஆழத்தில் மண் தோல் போல உரிவதாக வைத்து, முழுக்க ஊறிய நிலைக்கு:

```
F = c'/(γ·z·sinβ·cosβ) + (γ'/γ)·(tanφ'/tanβ)
```

β சரிவின் கோணம், γ கன மீட்டருக்கு மண்ணின் எடை, γ' அதன் மிதப்பு எடை. நம் கரைக்கு 1 மீட்டர் ஆழத்தில் 1.09, 1.5 மீட்டரில் 0.87. இந்தச் சூத்திரம் சரிவின் அடி தரும் தாங்கலைக் கணக்கில் எடுக்காது, அதனால் 9 மீட்டர் நீளமே உள்ள நம் சரிவுக்குக் கொஞ்சம் கறாரான எண்தான். இருந்தாலும் மழைக்காலத்தில் கரை முழுசாகப் போகாமல் புல்லோடு சேர்ந்து மேல்மண் மட்டும் சரிந்து வாய்க்காலில் கிடப்பதை இது சரியாகவே சொல்லிவிடுகிறது.

வெட்டுக்கு இதே கணக்கு, காலம் மட்டும் தலைகீழ்

டெல்டாவின் தட்டையான பகுதியில் ரோட்டுக்காக வெட்டுவது அபூர்வம். தஞ்சாவூருக்குத் தென்மேற்கே வல்லம் மேட்டுப்பக்கம் போனால்தான் மண்ணை வெட்டி ரோடு இறக்கும் வேலை வரும், சுரங்கப்பாதைக்கு இறங்கும் வழிகளிலும் வரும். சூத்திரம் மாறாது. மாறுவது எந்த நாள் ஆபத்தான நாள் என்பது.

களிமண்ணை வெட்டி மேல்சுமையை எடுத்ததும் மண் விரியப் பார்க்கும், உள்ளே தண்ணீர் அழுத்தம் சட்டென்று இறங்கும், சில சமயம் 0-க்கும் கீழே போகும். அதே கரையின் வடிவத்தையே வெட்டாக நினைத்து எல்லாத் துண்டுக்கும் `u = -10` போட்டால் 2.22 வருகிறது. ஒப்பந்தக்காரர் வெட்டின கையோடு படம் எடுத்து, பில் போட்டு, சுவர் போல நிற்கிறது என்று காட்டிவிட்டுப் போய்விடுவார். பக்கத்து மண்ணிலிருந்து தண்ணீர் மெதுவாக உறிஞ்சப்பட்டு, மாதங்களோ வருடங்களோ கழித்து `u` சமநிலைக்கு ஏறும். அப்புறம் ஒரு நல்ல மழையில் 1.16. சரிவுக்கு மேலே வெட்டிய தண்ணீர்க்கால் தூர்ந்துபோனால் அந்த நாள் இன்னும் சீக்கிரம் வரும்.

மெத்தென்ற களிமண் மேல் புதுக் கரை போடுவது இதற்கு நேர்மாறு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கக் கடலோரக் களிமண்ணில் 4 மீட்டர் மண்ணைக் கொட்டினால் அந்த எடையை முதலில் தாங்குவது துளைநீர்தான். போட்டு முடித்த அன்றைக்கே பாதுகாப்புக் காரணி மிகக் குறைவு, தண்ணீர் பிதுங்கி வெளியேற வெளியேற ஏறும். அந்த நாளுக்கு மட்டும் வடியாத வலிமையை, அதாவது தண்ணீர் வடிய நேரம் கொடுக்காமல் வேகமாக உடைத்துப் பார்த்து எடுத்த வலிமையை வைத்து ஒரு அவசரக் கணக்குப் போடலாம்: 5.14 × வலிமை ÷ (எடை × உயரம்). வலிமை 20 கிலோபாஸ்கல் என்றால் 5.14 × 20 ÷ 76 = 1.35. இது குறைவாகத் தெரிந்தால் ஒரே மூச்சில் 4 மீட்டர் ஏற்றாமல் 2 மீட்டர் போட்டு, காத்திருந்து, அழுத்தம் இறங்கியதை அளந்த பிறகு மீதியைப் போடுவார்கள்.

u-வை அளப்பது எப்படி

இவ்வளவு கணக்கும் `u` சரியாக இருந்தால்தான் நிற்கும். எளிய வழி, அடியில் மட்டும் துளையிட்ட பி.வி.சி. குழாயைக் கரை விளிம்புக்குக் கிட்டே இறக்கி, துளையுள்ள பகுதியைச் சுற்றி மணல் போட்டு, அதற்கு மேலே பென்டோனைட் களிமண்ணால் அடைத்துவிடுவது. அடைப்பு சரியில்லை என்றால் மழைத்தண்ணீர் மேலிருந்து குழாயோரமாக இறங்கி மட்டத்தைக் கூட்டிக் காட்டும். களிமண்ணில் குழாய்க்குள் மட்டம் ஏற நாளாகும், அதனால் மழை நின்ற அன்றே போய்ப் பார்த்துவிட்டுத் தண்ணீர் இல்லை என்று எழுதிவிட்டு வரக்கூடாது. வாய்க்கால் மட்டத்தையும் அதே நேரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஷட்டரை இறக்கிய இரண்டு நாளில் எவ்வளவு குறைகிறது என்பதுதான் உங்கள் கரை முதல் நிலைப் பக்கம் வடிகிறதா மூன்றாவதிலேயே நிற்கிறதா என்று சொல்லும்.

குழாய் இல்லாத இடத்தில் கண்தான் கருவி. தாரில் விளிம்புக்கு இணையாக ஓடி இரண்டு முனையும் வாய்க்கால் பக்கம் வளையும் விரிசல், சரிவின் அடியில் மண் பிதுங்கி நிற்பது, மழை விட்டு நாலு நாள் ஆகியும் சரிவின் நடுவில் காயாத ஈரப்பட்டை, நண்டு வளை எலி வளை வழியாகக் கசியும் தண்ணீர். விரிசல் விட்டிருந்தால் முதல் வேலை அதைக் களிமண்ணால் அடைத்துத் தார்ப்பாய் போடுவது. 1 மீட்டர் ஆழ விரிசலில் தண்ணீர் நிறைந்தால் நீளத்தில் ஒரு மீட்டருக்கு 4.9 கிலோநியூட்டன் பக்கவாட்டில் தள்ளும், ஆழம் இரட்டித்தால் தள்ளு நாலு மடங்கு.

நிரந்தர வழிகளில் நான் முதலில் கைவைப்பது சரிவின் அடியில் மணலும் சரளையும் போட்ட வடிகால். நாலாவது நிலையில் எல்லா `u`-வையும் பாதியாக்கிப் போட்டுப் பாருங்கள், 1.16 என்பது 1.49 ஆகிறது. சரிவைத் தட்டையாக்க வேண்டும் என்றால் இடம் வேண்டும், இடம் என்றால் வாய்க்காலின் வயிறு குறுகும் இல்லையென்றால் ஒருவருடைய வயல் போகும். செலவே இல்லாத இன்னொரு வழி, ஷட்டரை ஒரே ராத்திரியில் இறக்காமல் படிப்படியாக இறக்கச் சொல்லிக் கேட்பது. மதகு பார்ப்பவருக்குக் கரைக்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று தெரியாது, அவருக்குத் தெரிவது வாய்க்கால் மட்டம் மட்டும்தான், குழாயில் எடுத்த இரண்டு நாள் அளவை அவரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டுக் கேளுங்கள்.